முதலில் எழுதப்பட்ட தினை

எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணப் பத்திரிகையானாலும் எழுதுவது நான்தான். எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிட்ட உத்தியோகம் அது. யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்பதில் நான் கெட்டிக்காரி. ஒரு ரூபாய் செலவழிக்காத பெரியப்பா பெயர் மேலே கொட்டை எழுத்தில் நிற்கும். மண்டபத்துக்கும் பந்திக்கும் ஓடியாடிச் செய்த சின்ன மாமா கடைசி வரியில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருப்பார். மரியாதைக்கு ஒரு வரிசை உண்டு, அதை மீறினால் பந்தியில் எழுந்து போய்விடுவார்கள் என்று எனக்குப் பழக்கப்படுத்திவிட்டார்கள். அந்தப் பழக்கம்தான் என்னைக் கொல்லிமலையில் கொண்டுபோய்ச் சிக்கவைத்தது.

காளப்பநாயக்கன்பட்டியில் காலை பஸ் ஏறி, மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் நடுநிலைப் பள்ளிக்குப் போய்த் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி. ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் சுற்று வட்டாரத்தில் மனு, அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எல்லாம் என் மேசைக்கே வந்துசேரும். யாராவது காகிதத்தோடு வந்தால் முகம் சுளிப்பது போல நடிப்பேனே தவிர, உள்ளுக்குள் குளிர்ந்து போகும்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி வந்தவர், எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் அம்மா; மகளும் கூட வந்திருந்தாள். மலைக்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்ந்து தினை பிஸ்கட் போட ஆரம்பித்திருந்தார்கள். குழுவுக்குத் தலைவி அவர். பாக்கெட் அச்சடிக்கச் சேலத்துக்கு அனுப்ப வேண்டும், முன்னால் என்ன போடுவது, பின்னால் என்ன போடுவது என்று கேட்டு வந்திருந்தார். என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் விரலை மடக்கிச் சொன்னார்.

“மைதாங்க, வனஸ்பதிங்க, சக்கரைங்க, அப்பறம் தினை மாவு, கொஞ்சம் சாமை மாவு, தேனு ரெண்டு கரண்டிங்க. தினை மட்டும் போட்டா உதிந்து போயிருதுங்க டீச்சர், புடிப்பு இல்லீங்க. பயிற்சியில மைதா சேக்கச் சொன்னாங்க.”

மூட்டை அளவுக்கு ஏற்றபடி அவர் சரியாகத்தான் சொன்னார். பெரிய மூட்டை முதலில், சின்னக் கரண்டி கடைசியில். எனக்குத்தான் கை பொறுக்கவில்லை. தினை பிஸ்கட் என்று பெயர் வைத்துவிட்டு எடுத்த எடுப்பில் மைதாவையா உட்காரவைப்பது? மலையில் விளைந்த தினை மேலே இருந்தால்தானே மரியாதை? “தினை, சாமை, மலைத்தேன், சர்க்கரை, வனஸ்பதி, மைதா” என்று எழுதினேன். மைதா, பத்திரிகையில் சின்ன மாமா நிற்கும் இடத்தில் போய் நின்றது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “மாத்தி இருக்குதுங்களே டீச்சர்” என்றார். “இதெல்லாம் ஒரு முறை இருக்குது, நான் பாத்துக்கறேன், விடுங்க” என்று அடக்கினேன். முன்பக்கத்துக்கு என் மூளையைக் கசக்கி ஒரு வாசகமும் போட்டேன்: ‘தினமும் தினை, தேகத்துக்குத் துணை.’

அந்த வாசகத்தைத் தலைமையாசிரியர் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். “எங்க டீச்சர் எழுதுனது” என்பார். எனக்கும் தலைகால் புரியாமல்தான் இருந்தது.

போன வருடம் மழை விட்டதும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் பள்ளிக்கு வருகிறார், காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளை பேச வேண்டும். தின்பண்டம் வாங்கும்போது விளம்பரத்தை நம்பாமல் பாக்கெட்டில் இருப்பதைப் படிப்பது எப்படி என்பது தலைப்பு. “எழுதறதுக்கு நீங்க இருக்கறீங்க, பேசறதுக்கு அந்த எட்டாவதுப் புள்ள இருக்குது, எனக்கென்ன கவலை” என்றார். அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை, பிஸ்கட் குழுத் தலைவியின் மகள்.

அவளுக்குக் குரல் கணீரென்று இருக்கும். ஆனால் எதையும் அப்படியே ஒப்பிக்க மாட்டாள். புரியவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுவாள், நகர்த்த முடியாது. பேச்சுக்காக மைதானத்திலும் பஸ் நிறுத்தத்திலும் கிடந்த காலி பாக்கெட்டுகளையெல்லாம் பொறுக்கி, கழுவி, காயவைத்து ஒரு கட்டாகக் கொண்டுவந்தாள். நான் உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக் கையேடு ஒன்றை வைத்துக்கொண்டேன். மதிய இடைவேளையில் இருவரும் உட்கார்ந்து படித்தோம்.

எனக்கே அதெல்லாம் புதுசு. மாம்பழம் வழிகிற படம் போட்ட பாட்டிலில் பழம் எத்தனை சதவீதம் என்று பொடி எழுத்தில் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உப்பு, சர்க்கரை, கொழுப்பு எவ்வளவு என்கிற கணக்கை ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று போட்டிருப்பார்கள். அந்தப் பரிமாறல் என்பது பாக்கெட்டில் கால்வாசி. பாக்கெட்டைப் பிரித்துக் கால்வாசி தின்றுவிட்டு மடித்து வைக்கிற பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? அதனால் நூறு கிராமுக்கு எவ்வளவு என்கிற கட்டத்தைப் பார்த்துத்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வேண்டும். சர்க்கரைக்கு மட்டும் எத்தனை வேஷம்! குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று தனித்தனியாகப் பெயர் மாற்றிக்கொண்டு வந்து நிற்கும். எல்லாம் ஒரே குடும்பம். நான் விறுவிறுவென்று எழுதிக்கொண்டே போனேன். விளம்பரக்காரர்களைத் திட்டுவது எனக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது.

அப்புறம் கையேட்டில் அந்த வரி வந்தது. சேர்க்கப்பட்ட பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை, இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் இருப்பதுதான் அதிகம் இருப்பது. பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை முன்னிறுத்தினால், அது எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும்.

அவள் என் கையிலிருந்து கையேட்டை வாங்கி அதே வரியைச் சத்தமாக வாசித்தாள். பிறகு தன் பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

“டீச்சர், எங்குளுதுல தினை மொதல்ல இருக்குதுங்க.”

“ஆமா கண்ணு.”

“ஆனா அம்மா அஞ்சு கிலோ மைதாவுக்கு ஒன்றரைக் கிலோ தினை மாவுதானுங்க போடும். நானே அளந்து குடுத்திருக்கறேன். வனஸ்பதி ரெண்டரை, சக்கரை ரெண்டு. அப்போ தினை நாலாவது வரோணுமல்லங்க?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாமையும் தேனும் சேர்த்து மொத்தத்தில் தினை பதின்மூன்று சதவீதம்கூட முழுதாக வரவில்லை. மாம்பழப் பாட்டிலைப் பார்த்து ஐந்து நிமிடம் முன்னால் சிரித்தவள் நான்.

“அது வேற சாமி. நம்மளுது என்ன கம்பெனியா?” என்றேன்.

“பாக்கெட்டுல போட்டா எல்லாம் ஒண்ணுதானுங்களே டீச்சர்?” என்றாள். குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. பெல் அடிக்கப் போகிறது போ என்று விரட்டினேன். பெல் அடிக்கப் பதினைந்து நிமிடம் இருந்தது.

அன்றே தலைமையாசிரியரிடம் போய், “சார், பாக்கெட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சு, நான்தான் எழுதினேன்” என்று சொல்லியிருக்கலாம். போனேன். அவர் முந்திக்கொண்டார். “டீச்சர், பேச்சு முடிவுல நம்ம தினை பிஸ்கட்டத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. கெட்டது இது, நல்லது இதுன்னு ஆபீசர் பாக்கட்டும். குழுக்காரங்களையும் வரச் சொல்லிட்டேன். உங்க வாசகத்தையும் அந்தப் புள்ள சொல்லோணும்” என்றார். “சரிங்க சார்” என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஊரெல்லாம் குறை சொல்கிற இந்த வாய்க்கு அன்று பூட்டு விழுந்துவிட்டது.

அதற்கப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். உண்மையைச் சொன்னால் அலுவலர் முன்னால் குழு மாட்டிக்கொள்ளும். அந்தப் பெண்கள் எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு இதை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பொய் சொல்ல வேண்டும், அதுவும் நான் எழுதிக் கொடுத்த பொய்யை, பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி என்கிற பேச்சின் கடைசியில். இப்படியெல்லாம் பிறருக்காகவே கவலைப்பட்டதாகச் சொன்னால் அதுவும் ஒரு விளம்பரம்தான். என் பெயர் கெட்டுவிடும் என்பதுதான் பெரிய மூட்டை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கடைசியில் நான் கண்டுபிடித்த வழி, பேச்சிலிருந்து பிஸ்கட்டையே எடுத்துவிடுவது. “நேரம் பத்தாது. கம்பெனி பாக்கெட்டோட நிறுத்திக்கோ” என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. “நல்லதுங்க டீச்சர்” என்றாள். நான் அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தாள். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

அந்த நாள் காலை லீவு போட்டுவிடலாமா என்று பஸ் நிறுத்தத்தில் நின்று யோசித்தேன். நன்றியுரை என் பொறுப்பு. போகாமல் இருந்தால் காரணம் கேட்பார்கள். பஸ் வந்தது, ஏறினேன். ஏறிவிட்டால் நடுவில் இறங்கி எங்கே போவது, காட்டுக்குள்ளா?

மைதானத்தில் பனி விலகவில்லை. பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். குழுப் பெண்கள் நல்ல புடவை கட்டி, கொய்யா மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலர் சின்ன வயதுக்காரர், வளைவுகளில் வந்த தலைச்சுற்றல் இன்னும் முகத்தில் இருந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் அவள் மைக் முன் வந்தாள்.

நன்றாகப் பேசினாள். ஒவ்வொரு பாக்கெட்டாகத் தூக்கிக் காட்டி, “முன்பக்கம் அவர்கள் சொல்ல விரும்புவது, பின்பக்கம் அவர்கள் சொல்லியே ஆக வேண்டியது” என்றாள். அந்த வரி நான் எழுதியதல்ல, அவளாகச் சேர்த்தது. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம் என்று மட்டும்தான் அர்த்தம், உடம்புக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை என்று சொன்னபோது ஆசிரியர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “முதலில் எழுதியிருப்பது எதுவோ, அதுதான் அதிகம். எல்லாரும் சொல்லுங்கள்” என்றாள். மைதானமே திருப்பிச் சொன்னது. மரத்தடியில் அவள் அம்மாவும் மற்றவர்களோடு சேர்ந்து அதை வாய்விட்டுச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் உதடு அப்படியே நின்றதைப் பார்த்தேன்.

பேச்சு முடிந்து எல்லாரும் கைதட்டினார்கள். தப்பித்தோம் என்று நான் மூச்சு விடுவதற்குள் தலைமையாசிரியர் எழுந்தார். மேசைமேல் தயாராக வைத்திருந்த தினை பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“கெட்டதெல்லாம் சொல்லிட்டே கண்ணு. நல்லது ஒண்ணைப் படிச்சுக் காட்டு. பின்னால திருப்பி, மொதல்ல என்ன போட்டிருக்குதுன்னு சத்தமாச் சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த நன்றியுரைத் தாளைப் பார்த்துக்கொண்டேன்.

“தினை” என்று வாசித்தாள்.

“அப்போ எது அதிகம்?” என்று அவர் கூட்டத்தைக் கேட்டார். இருநூறு தொண்டை சேர்ந்து, “தினை!” என்று கத்தியது. சின்னப் பிள்ளைகள் குதித்துக் குதித்துக் கத்தினார்கள். சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

“இல்ல” என்றாள். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. “இதுல மைதாதான் அதிகம். வரிசை மாறி இருக்குது.”

தலைமையாசிரியர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அலுவலர் எழுந்து வந்து பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சதவீதமும் இல்லை என்பதைக் கவனித்திருப்பார். “இது யாரு எழுதுனது?” என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி எனக்கு வந்தது, அது போகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொண்டை அடைத்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

மரத்தடியிலிருந்து அவள் அம்மா எழுந்து வந்தார். “தப்பு எங்குளுதுங்க சார். நாங்க படிக்காதவிய, வரிசை தெரியாம மாத்திச் சொல்லிப்போட்டோம். டீச்சர் பாவம், நாங்க சொன்னத அப்படியே எழுதிக் குடுத்தாங்க” என்றார். பிள்ளைகள் முன்னால், அலுவலர் முன்னால், இருநூறு பேர் முன்னால், அளவு தவறாமல் விரல் மடக்கிச் சொன்ன அந்தப் பெண் தனக்கு வரிசை தெரியாது என்றார். மகள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். யார் எழுதினார்கள், யார் மாற்றினார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவளும் அம்மாவோடு பக்கத்தில்தான் நின்றாள்.

அலுவலர் நல்ல மனிதர். இந்த உறையில் இனி விற்க வேண்டாம், சரியாக எழுதி அச்சடித்து தன்னிடம் காட்டிவிட்டுப் பிறகு விற்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு தலைமையாசிரியர் என்னை நன்றியுரைக்கு அழைத்தார். போனேன். சிறப்பு விருந்தினருக்கு நன்றி, தலைமையாசிரியருக்கு நன்றி, அருமையாகப் பேசிய மாணவிக்கு நன்றி, வருகை தந்த குழுவினருக்கு நன்றி. மரியாதை வரிசையில் ஒரு பிசகும் இல்லை. சொல்ல வேண்டிய ஒரே வரியை மட்டும் சொல்லாமல் இறங்கி வந்தேன்.

மாதக்கணக்கில் அவர்கள் அடுப்பு மூட்டவில்லை. அவள் அம்மா மறுபடி எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்கப் போனார். அச்சடித்து மிச்சமிருந்த உறைகளை வீணாக்காமல் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, மிளகுக் கொடி நட்டு வைத்தார்கள். அவர்கள் வீட்டு வாசலில் வரிசையாக ‘தினமும் தினை, தேகத்துக்குத் துணை’ என்று என் எழுத்தில் கொடி துளிர்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்கால பஸ் வரும் முன் அங்கே போய்விட்டேன். “அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். என் தப்பு” என்றேன்.

“உடுங்க டீச்சர்” என்றார் அவர். “உங்குளுக்கு உத்தியோகம். எங்குளுக்கு ஒரு பையிதானுங்க போச்சு. இத்தன வருசம் எங்குளுக்கு எத்தன மனு எழுதிக் குடுத்திருக்கறீங்க.”

அவர் மன்னித்த பிறகுதான் எனக்குத் தப்பிக்கவே வழியில்லாமல் போயிற்று. திட்டியிருந்தால் திருப்பித் திட்டவாவது எனக்குத் தெரியும். அடுத்த நாள் தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அதான் முடிஞ்சுபோச்சே டீச்சர், இப்ப எதுக்கு” என்று அவர் கோப்பைப் புரட்டினார். யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் சொன்ன உண்மை அது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அந்த மிளகு நாற்றுகளை விற்ற காசில் புது உறை அச்சடிக்கலாம் என்று குழு முடிவு செய்தது. அவள் அம்மா வெள்ளைத் தாளோடு பள்ளிக்கு வந்தார், கூடவே அவளும். சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் நான் அங்கே இருந்தேன். இந்த முறை என்ன சேர்க்கிறோம் என்று அவர் சொல்லச் சொல்ல, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். மைதா, வனஸ்பதி, சர்க்கரை, தினை மாவு பதின்மூன்றுக்குக் கீழே என்பதால் பன்னிரண்டு சதவீதம், சாமை மாவு, தேன். முன்பக்கத்துக்கு ‘தினை சேர்த்த பிஸ்கட்’ என்று மட்டும் போட்டேன். வாசகம் எதுவும் வேண்டாம் என்று நானே சொன்னேன்.

தாளை நீட்டினேன். அவள் அம்மா வாங்கி மடிக்கப் போனார். “டீச்சர் எழுதுனாச் செரியாத்தான் இருக்கும்” என்றார்.

“இரும்மா” என்று அவள் தாளை வாங்கிக்கொண்டாள். என் மேசைமேல் விரித்து, முதல் வரியில் விரலை வைத்து, வீட்டில் அளக்கிற அளவை முணுமுணுத்துச் சரிபார்த்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக இறங்கினாள். பெரிய கம்பெனி பாக்கெட்டைப் படிக்கிற அதே நிதானம். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் படித்து முடிக்கிற வரைக்கும் நான் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன்.